வாயால் சொன்ன கட்டுரையை இயந்திரம் எழுதியது என்கிறார்களா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மணிக்கட்டு வலியாலோ பார்வைக் குறைவாலோ, பேசுவது தட்டச்சைவிட வேகம் என்பதாலோ, கட்டுரையைச் சொல்லிப் பதிவுசெய்து மென்பொருளால் எழுத்தாக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் சிலருக்கு விசித்திரமான சிக்கல் வருகிறது. ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் கட்டுரையைச் சமர்ப்பித்ததும் கண்டறியும் கருவி 'இது செயற்கை நுண்ணறிவு எழுதியது' என்கிறது. ஆசிரியர் படித்துப் பார்க்கிறார், அவருக்கும் நடை வழக்கத்துக்கு மீறி வழுவழுப்பாகத் தெரிகிறது. இது ஏன் நடக்கிறது, எந்த அறிகுறிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். கருவியை ஏமாற்றும் வழி இதில் இல்லை. எது உங்கள் சொல், எது மென்பொருளின் சொல் என்று பிரித்துக் காட்டும் வழி இருக்கிறது.

இரண்டு கருவிகளும் ஒரே சாதி

எடுத்துக்காட்டாக விஸ்பரை எடுத்துக்கொள்கிறேன். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட இந்தப் பேச்சறி மென்பொருளின் மேல்தான் இன்று பல எழுத்தாக்கச் செயலிகள் கட்டப்பட்டிருக்கின்றன. அதில் ஒலியைக் கேட்கும் பகுதி ஒன்று, சொற்களை எழுதும் பகுதி ஒன்று. எழுதும் பகுதி ஒலியை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை தான் எழுதியதையும் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வருவது இயல்பு என்று கணித்துக்கொண்டே போகிறது. தெளிவாகப் பேசினால் ஒலி வெல்லும். வாய்க்குள் முனகினால், தடுமாறினால், சொல்லைப் பாதியில் விழுங்கினால் கணிப்பு வெல்லும்.

மறுபுறம், கண்டறியும் கருவிகளில் பழகிய வகை என்ன செய்கிறது? உரையை, அடுத்த சொல்லைக் கணிக்கும் ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு எதிர்பார்த்த சொல் என்று அளக்கிறது. அந்த அளவுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி என்று பெயர். அது குறைவாக இருந்தால் சந்தேகம். வாக்கியங்களின் நீளமும் போக்கும் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். 2023 ஜனவரியில் வந்த ஜிபிடி ஜீரோ இந்த இரண்டையும் முன்வைத்துத்தான் பேர் வாங்கியது. பின்னால் வந்தவை மனித எழுத்தையும் இயந்திர எழுத்தையும் பார்த்துப் பிரிக்கப் பயிற்சி பெற்ற வகைப்படுத்திகளாக மாறினாலும் சாய்வு பெரிதாக மாறவில்லை.

ஆக, ஒன்று எதிர்பார்த்த சொல்லைத் தேடித் தேடி எழுதுகிறது. மற்றொன்று, எல்லாம் எதிர்பார்த்த சொற்களாகவே இருக்கின்றனவே என்று குற்றம் சாட்டுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பேசியவர்.

கீழே வரும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் மூல ஒலிப்பதிவு தேவை. பல செயலிகள் எழுத்தாக்கியதும் ஒலியை அழித்துவிடுகின்றன. அமைப்புகளில் அதை நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் கைபேசியின் சாதாரண ஒலிப்பதிவுச் செயலியில் பேசிவிட்டு, அந்தக் கோப்பை எழுத்தாக்கக் கொடுங்கள்.

அறிகுறி 1: நீங்கள் சொல்லாத சொற்கள் உரையில் இருக்கின்றன

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு முதுகலை மாணவியின் வழக்கைச் சொல்கிறேன். மணிக்கட்டு வலிக்காக அவருக்குச் சொல்லி எழுத அனுமதி இருந்தது. நகராட்சியின் தண்ணீர் வரி பற்றி ஏறத்தாழ 1,500 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கைபேசிச் செயலியில் பேசியிருந்தார். கட்டுரை முழுவதும் சந்தேகக் குறியோடு திரும்பி வந்தது. நல்லவேளையாக ஒலிப்பதிவு கைவசம் இருந்தது. முதல் மூன்று நிமிடத்தைக் காதில் கேட்டபடி உரையில் விரலை ஓட்டினோம். அவர் பேசியதன் வடிவத்தைத் தமிழில் தருகிறேன்:

"இந்தத் தண்ணீர்க் கட்டணம், இல்லை, தண்ணீர் வரி, அதை, ம்ம், அதைப் போன வருடம்தான் ஏற்றினார்கள், ஏற்றினார்கள் என்றால் கொஞ்சமில்லை, இரண்டு மடங்கு."

உரையில் இருந்தது:

"கடந்த ஆண்டு தண்ணீர் வரி கணிசமாக, அதாவது இரு மடங்காக, உயர்த்தப்பட்டது."

'கணிசமாக' என்று அவர் சொல்லவே இல்லை. 'ஏற்றினார்கள்' என்பது 'உயர்த்தப்பட்டது' ஆகிவிட்டது, ஏற்றியவர்கள் காணாமல் போனார்கள். பேச்சறி மென்பொருள் காதில் விழுந்ததைத் தவறாக எழுதலாம். ஆனால் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கி, சொல் வரிசையையும் மாற்றி, அடைமொழி சேர்க்கும் வேலை பெரும்பாலும் அதனுடையதல்ல. அந்தச் செயலி பேச்சை எழுத்தாக்கிய பிறகு, கேட்காமலேயே ஒரு பெரிய மொழி மாதிரியிடம் கொடுத்து 'மெருகேற்றி' வாங்கியிருந்தது. அப்படியானால் அந்தப் பகுதியைப் பொறுத்தவரை கண்டறியும் கருவி சொன்னது தவறே அல்ல. மாணவிக்குத் தெரியாமல் மாணவியின் கட்டுரை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. ஏதாவது மூன்று நிமிடத்தைக் கேட்டு, நீங்கள் சொல்லாத பெயர்ச்சொல், வினைச்சொல், அடைமொழி ஒவ்வொன்றையும் அடிக்கோடிடுங்கள். 'ம்ம்', 'வந்து' போன்றவை விடுபட்டிருப்பதை இப்போது கணக்கில் எடுக்க வேண்டாம். சேர்ந்தவை மட்டும் முக்கியம். ஒத்த ஒலியுள்ள சொல் மாறி விழுந்திருந்தால் அது கேட்டல் பிழை. ஒலியில் எந்த ஒற்றுமையும் இல்லாத, பொருளில் மட்டும் ஒத்த சொல் விழுந்திருந்தால் அது மெருகு. மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் வகை ஐந்தாறு கிடைத்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

தீர்வு, அந்த மெருகை அணைப்பது. செயலிகளில் இது 'மேம்படுத்து', 'சுத்தப்படுத்து', 'தொழில்முறை நடை' என்று பலவிதப் பெயர்களில் ஒளிந்திருக்கும். மின்னஞ்சல் முறை, குறிப்பு முறை என்று 'முறை'களைத் தேர்வுசெய்யச் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரு மெருகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கவே வழியில்லாத செயலியைப் பாடக் கட்டுரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

அறிகுறி 2: சொற்கள் உங்களுடையவை, ஆனால் தடுமாற்றம் ஒன்றுகூட இல்லை

மாணவியின் ஒலியை மெருகு இல்லாமல், கணினியில் நிறுவிய விஸ்பரில் மறுபடி ஓட்டினோம். 'கணிசமாக' போய்விட்டது, 'ஏற்றினார்கள்' திரும்பி வந்தது. ஆனாலும் 'கட்டணம், இல்லை, வரி' என்ற திருத்தம் இல்லை. 'ம்ம்' இல்லை. இருமுறை வந்த 'அதை' ஒருமுறைதான் இருந்தது. கண்டறியும் கருவியின் சந்தேகம் குறைந்தது, முழுதாக நீங்கவில்லை.

இதற்கான காரணம் பயிற்சியில் இருக்கிறது. விஸ்பரின் முதல் வெளியீடு இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியையும் அதனுடன் கிடைத்த எழுத்தையும் கொண்டு பழக்கப்பட்டது. அந்த எழுத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும்? வீடியோக்களுக்கு மனிதர்கள் எழுதிய துணைத்தலைப்பு போன்றவை. துணைத்தலைப்பு எழுதுகிறவர் 'ம்ம்', 'அ' எல்லாவற்றையும் எழுதமாட்டார். பேசியவர் பாதியில் விட்டுத் திருத்தினால், திருத்திய வாக்கியத்தை மட்டும் எழுதுவார். இப்படி லட்சக்கணக்கான மணி நேரம் பார்த்த மென்பொருள், தடுமாற்றத்தை எழுதாமல் விடுவதே சரியான எழுத்தாக்கம் என்று கற்றுக்கொண்டது. இது கோளாறு அல்ல. நாம் கேட்காத ஒரு நற்குணம்.

இரண்டாவது காரணம் நிறுத்தக்குறி. பேச்சில் முற்றுப்புள்ளி கிடையாது. 'அப்புறம்', 'அதனால்', 'ஆனால்' என்று ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடும் பேச்சை மென்பொருள்தான் வெட்டுகிறது. அது நடுத்தர நீளத்தில், பாடநூல் வாக்கியம் போல வெட்டும். உங்கள் பேச்சில் மூன்று சொல்லில் முடிந்த துண்டும் நாற்பது சொல்லுக்கு இழுத்த தொடரும் மாறி மாறி இருந்தாலும், தாளில் எல்லாம் பதினைந்து, பதினெட்டு என்று சமமாகிவிடும். எண்களையும் தேதிகளையும் ஒழுங்கான வடிவில் எழுதிவிடுவதும் இந்தச் சமப்படுத்தலில் சேர்த்தி.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. விஸ்பர் ஒலியை 30 வினாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒரு துண்டை எழுதும்போது முந்திய துண்டில் தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்து அதன் நடையைப் பின்பற்றுகிறது. முதல் அரை நிமிடத்தை நீங்கள் குறிப்பைப் பார்த்துத் தெளிவாக வாசித்திருந்தால், பின்னால் வரும் தடுமாற்றமான பேச்சும் அந்தத் தெளிவான நடைக்குள் இழுக்கப்படும்.

வாக்கிய நீளம் சமமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். உரையை `urai.txt` என்று சேமித்துப் பைத்தானில் இதை ஓட்டுங்கள்:

```python
import re, statistics as s
t = open("urai.txt", encoding="utf-8").read()
n = [len(x.split()) for x in re.split(r"[.?!]+", t) if x.strip()]
print(n, s.mean(n), s.stdev(n))
```

வரும் பட்டியலைப் பாருங்கள். கடைசி எண் நீளங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிறது. இதே கணக்கை நீங்கள் முன்பு கையால் எழுதிய கட்டுரை ஒன்றுக்கும் செய்து ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் எல்லைக்கோடு எதுவும் கிடையாது.

உங்கள் ஒலிக் கோப்பு `pechu.m4a` என்றால், தடுமாற்றத்தைத் தக்கவைக்க விஸ்பரிடம் இப்படிக் கேட்கலாம்:

```
whisper pechu.m4a --model large-v2 --language en \
  --task transcribe --condition_on_previous_text False \
  --initial_prompt "Umm, so, uh, the fee, no, the tax, hmm, I mean..." \
  --carry_initial_prompt True \
  --word_timestamps True --output_format json
```

`--initial_prompt` என்பது கட்டளை அல்ல, நடைக்கு ஒரு மாதிரி. 'எல்லாவற்றையும் அப்படியே எழுது' என்று அதில் எழுதிப் பயனில்லை. தடுமாறிக் காட்ட வேண்டும், அது பார்த்துச் செய்யும். `condition_on_previous_text` முந்திய துண்டைப் பின்பற்றும் பழக்கத்தை நிறுத்துகிறது. இதில் ஒரு பொறி உண்டு. அதை நிறுத்தினால் நீங்கள் கொடுத்த மாதிரியும் முதல் 30 வினாடியோடு மறந்துபோகும். முதல் பத்தியில் 'அம்', 'அ' எல்லாம் வந்து, இரண்டாம் பத்தியிலிருந்து மறுபடி வழுவழுப்பு தொடங்கினால் காரணம் இதுதான். `--carry_initial_prompt` ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரியை எடுத்துச்செல்கிறது. உங்கள் பதிப்பு பழையதாக இருந்து அந்த விருப்பத்தை ஏற்காவிட்டால் மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது ஒலியைச் சிறு கோப்புகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் எல்லாத் தடுமாற்றமும் வராது, சில மட்டும் வரும். சில நேரம் நீங்கள் சொல்லாத 'அம்' ஒன்றையும் அது சேர்த்துவிடும், அதனால் கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் சான்றாகக் கொடுக்காதீர்கள். சொல்லுக்குச் சொல் எழுத வேண்டுமென்றால் அதற்கென்றே விஸ்பரைத் திருத்திப் பழக்கிய கிரிஸ்பர்விஸ்பர் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இருக்கிறது. கட்டணச் சேவைகளில் டீப்கிராமில் `filler_words`, அசெம்ப்ளி ஏஐயில் `disfluencies` என்ற விருப்பங்களை இயக்கலாம். மைக்ரோசாப்டின் அஷ்யூர் பேச்சுச் சேவையில் விரிவான வெளியீட்டைக் கேட்டால் ஒரே பேச்சுக்கு `Lexical`, `Display` என்ற இரண்டு வடிவங்களும் கிடைக்கும். முதலாவது, அறிந்த சொற்கள் மட்டும், நிறுத்தக்குறி இல்லாமல். இரண்டாவது, ஒழுங்குபடுத்தியது. இரண்டையும் அருகருகே வைத்தால் நிறுத்தக்குறி யாருடையது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி எடுத்த தடுமாற்ற உரையைக் கட்டுரையாகச் சமர்ப்பிக்காதீர்கள். எந்த ஆசிரியரும் 'அம்' என்று தொடங்கும் கட்டுரையைக் கேட்கவில்லை. இது பேழையில் வைக்கும் சான்று. கட்டுரைக்கு வேண்டிய வேலை வேறு: மென்பொருள் போட்ட முற்றுப்புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு, ஒலியைக் கேட்டுக்கொண்டே நீங்களே போடுங்கள். மாணவி அதைத்தான் செய்தார். இரண்டு வாக்கியமாக வெட்டப்பட்ட ஒரு நீண்ட தொடரைத் திரும்ப இணைத்தார், இரண்டு சொல்லில் நின்ற இடத்தில் நிறுத்தினார், 'கட்டணம் என்று சொல்வது தவறு, இது வரி' என்ற திருத்தத்தை ஒரு வாதமாகவே உள்ளே கொண்டுவந்தார். பேசும்போது வந்த அந்தத் தடுமாற்றத்தில்தான் அவருடைய சிந்தனை இருந்தது. மென்பொருள் குப்பை என்று தள்ளியது அதைத்தான்.

அறிகுறி 3: பேசியது தமிழ், வந்தது ஆங்கிலம்

தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் எழுதித் தரும் வசதி பலருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. விஸ்பரில் இது `--task translate`. அது கொடுப்பது மொழிபெயர்ப்பு, அதன் சொல் தேர்வு முழுவதும் மென்பொருளுடையது. சில நேரம் தெரியாமலும் நடக்கும். மொழியை ஆங்கிலம் என்று அமைத்துவிட்டு நடுவில் தமிழில் பேசினால், பல வேளைகளில் அது தமிழை ஒலியாக எழுதாமல் ஆங்கிலமாக்கிவிடும். ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுகிறவர்களுக்கு உரையில் சில பத்திகள் மட்டும் மொழுமொழுவென்று இருக்கக் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தப் பத்திகள் ஒலியில் தமிழா என்று பாருங்கள். தமிழென்றால், `--language ta --task transcribe` என்று அந்தத் துண்டைத் தனியே எடுத்து, மொழிபெயர்ப்பை நீங்களே செய்வதைத் தவிர வேறு வழியில்லை. செய்யவில்லை என்றால் மொழிபெயர்ப்புக் கருவி பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: எங்கோ ஓரிரு வாக்கியம் மட்டும் அந்நியமாக நிற்கிறது

நீங்கள் யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்த இடத்தில் உரையில் ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. அல்லது ஒரே தொடர் மூன்று முறை திரும்ப வருகிறது. மௌனத்தில் கணிப்பு தனியே பேசத் தொடங்கியதன் விளைவு அது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பினரின் ஒலிப்பதிவுகளையும் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், விஸ்பரின் எழுத்தாக்கங்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில் யாருமே சொல்லாத தொடர்கள் இருந்தன. பேச்சில்லாத இடைவெளி அதிகமுள்ள பதிவுகளில் இது கூடுதல்.

மேலே தந்த கட்டளை உருவாக்கும் `json` கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் `no_speech_prob`, `compression_ratio` என்ற எண்கள் இருக்கும். முதலாவது 0.6-ஐத் தாண்டினால் அங்கே பேச்சே இல்லை என்ற ஐயம். இரண்டாவது 2.4-ஐத் தாண்டினால் திரும்பத் திரும்ப எழுதுகிறது என்ற ஐயம். அந்த நேரக் குறியீட்டுக்குப் போய்க் கேளுங்கள், ஒலியில் இல்லையென்றால் வெட்டுங்கள். நீண்ட மௌனங்களை ஒலிக் கோப்பிலேயே முன்கூட்டி நீக்குவதும் உதவும்.

அறிகுறி 5: எல்லாம் சரி, இருந்தும் சந்தேகம் போகவில்லை

மெருகு இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை, நிறுத்தக்குறியும் நீங்கள் போட்டது. இனி எழுத்தாக்க மென்பொருளைக் குடைவதில் பயனில்லை, கருவியின் எல்லையைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் 7 கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகச் சொல்லின. பழகிய சொற்களையே எடுத்து எழுதுவது இரண்டாம் மொழியில் எழுதுபவரின் இயல்பு, கருவி அதைத்தான் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லி எழுதும் தமிழருக்கு இந்தச் சாய்வும் எழுத்தாக்கத்தின் சாய்வும் சேர்ந்து விழும். ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சிறிய உரையில் நம்பகம் இன்னும் குறைவு. பல கல்லூரிகள் பயன்படுத்தும் 'டர்னிட்டின்' என்ற சேவை 300 சொற்களுக்குக் குறைவான உரையை இந்தச் சோதனைக்கு எடுப்பதே இல்லை. 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும் முடிவை எண்ணாகக் காட்டாமல் நட்சத்திரக் குறியோடு விட்டுவிடுகிறது. உங்கள் மேல் வைக்கப்பட்ட சந்தேகம் ஒற்றைப் பத்தி பற்றியதா, முழுக் கட்டுரை பற்றியதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஆசிரியரிடம் எதைக் கொண்டுபோவது

நான்கு கோப்புகள் போதும்: மூல ஒலி, நேரக் குறியீட்டோடு கூடிய `json`, மென்பொருள் கொடுத்த கைபடாத உரை, நீங்கள் திருத்திய இறுதி வடிவம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த விருப்பங்கள் என்பதை ஒரு பக்கத்தில் குறித்து இணையுங்கள். அதே ஒலியை அதே கட்டளையில் அவரும் ஓட்டிப் பார்க்கலாம். விஸ்பர் எப்போதும் எழுத்துக்கு எழுத்து ஒரே விடையைத் தராது. சந்தேகமான துண்டுகளில் `temperature` அளவை உயர்த்தி மறுபடி முயல்வதால் ஓரிரு சொல் மாறலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் அது புதுச் சந்தேகமாக முளைக்காது.

மெருகு போட்ட செயலியில்தான் முதல் வடிவம் உருவானது என்றால் அதை மறைக்க வேண்டாம். மாணவி இரண்டு உரைகளையும் ஒலியோடு சேர்த்தே கொடுத்தார். ஆசிரியர் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு, மெருகு இல்லாத ஒலியிலிருந்து திருத்திய வடிவத்தை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த கட்டுரையின் முகப்பில், எந்த மென்பொருளில் சொல்லி எழுதியது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்.